ஒரு நிலைப்படி, இரண்டு ஊர்த் தோரணம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

ஒரு வீட்டுக்குள் நுழையாமலே, அதன் வாசலைப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும் பழக்கம் நம் மக்களுக்கு உண்டு. இருபுறமும் குலை தள்ளிய வாழைமரம் நின்றால் அங்கே திருமணம். விடிந்து வெகுநேரமாகியும் வாசலில் கோலம் இல்லையென்றால் ஏதோ துக்கம். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அம்மை கண்டிருக்கிறது, உள்ளே போகாதே என்று பொருள். 1980-ஆம் ஆண்டில் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் சின்னம்மைக்காக அந்த வேப்பிலை அடையாளம் எங்கள் ஊர்ப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படித்துவிடக்கூடிய எழுத்து அது.

ஆனால் ஒரே இலைக்கு ஓர் ஊரில் ஒரு பொருளும், இருநூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு பொருளும் இருந்துவிட்டால்? அந்த இரண்டு ஊரும் ஒரே நிலைப்படியில் வந்து சந்திக்க நேர்ந்துவிட்டால்? இந்தக் கேள்வி 2025-ஆம் ஆண்டுப் பொங்கலின்போது என் அக்காவின் வீட்டில் எழுந்தது. அதற்கு நாங்கள் கண்ட விடையை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லலாமென்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். அப்பா குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, திருச்சியில் ஒரு துணிக்கடையில் ரசீது போடும் வேலைக்குப் போனாள். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்கு மேல் அந்த ரசீதுகளிலிருந்து வந்ததுதான். அங்கேதான் அத்தானைப் பார்த்தாள். அவர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூர். சாதி வேறு, ஊர் வேறு. பதிவுத் திருமணம் ஆவணியில் நடந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வந்து நின்றார்கள். அத்தான் வீட்டிலிருந்து அவருடைய சின்ன மாமா ஒருவர் மட்டுமே வந்தார். அத்தை வரவில்லை.

மார்கழி நடுவில் அத்தையிடமிருந்து தொலைபேசி வந்தது. "போகியன்னைக்கு மத்தியானம் வர்றேன். காப்புத் தழை நானே கொண்டாறேன். வேற ஒண்ணும் வாங்கி வெக்காதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் பேசாமலிருந்தவர் மருமகளின் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறார். அக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அதே போகியன்று இரவு எங்கள் அம்மாவும் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வருவதாக முன்பே ஏற்பாடு. தலைப் பொங்கலுக்குப் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோகாத தாய் எங்கள் ஊரில் இல்லை. ஆக, இரண்டு சம்பந்தியம்மாக்களும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்க்கப்போவது அந்த வாடகை வீட்டு வாசலில்தான்.

காப்பு என்றால் என்ன என்பதை எங்கள் பக்கத்து நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். கொங்கு நாட்டில் மார்கழியின் கடைசி நாளன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாகக் கட்டி, வீட்டின் இறவாணத்திலும், மாட்டுக் கொட்டகையிலும், கிணற்றடியிலும், வயலின் மூலையிலும் செருகுவார்கள். சிலர் மாவிலையும் தும்பையும் சேர்ப்பதுண்டு. ஆனால் அந்த மூன்றும் இல்லாமல் காப்பு இல்லை. தை பிறக்குமுன் வீட்டுக்கும் நிலத்துக்கும் மாட்டுக்கும் கட்டும் வேலி அது. ஒரு வீட்டுக்குக் காப்புக் கட்டாமல் விட்டால், அது நம்முடைய வீடு அல்ல என்று சொல்வதற்குச் சமம். அத்தை தானே தழை கொண்டுவருகிறேன் என்று சொன்னதன் பொருள் அத்தானுக்கு உடனே விளங்கிவிட்டது. திருமணத்துக்கு வராதவர், இந்த வீட்டையும் தம் வீடுகளில் ஒன்றாக எண்ணிக் கட்ட வருகிறார் என்பதே அதன் பொருள்.

எங்கள் அம்மாவுக்கோ அந்தக் கொத்தில் முதலில் கண்ணில் படப்போவது வேப்பிலை. புதுக்குடித்தனம் வைத்திருக்கும் பெண்ணின் வாசலில், தலைப் பொங்கலன்று வேப்பிலை! எங்கள் ஊரில் பொங்கலுக்கு நிலைப்படியில் மாவிலைத் தோரணமும், புதுச் சம்பா நெற்கதிரைப் பின்னிய கொத்தும் கட்டுவோம். தரையில் மாக்கோலமும் அதைச் சுற்றிக் காவிப் பட்டையும் இருக்கும். வாசலின் இருபுறமும் தோகையோடு கரும்பு நிற்கும். வேப்பிலைக்கு அங்கே இடமே இல்லை.

நான் விடுமுறைக்குப் போன அன்றிரவு அக்கா ஒரு கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எங்கள் ஊர், மறுபக்கம் அத்தான் ஊர். நிலைப்படியில் என்ன, தரையில் என்ன, பொங்கல் வைக்கும் இடத்தில் என்ன என்று மூன்று வரிசையாக எழுதினாள். எழுதிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. சண்டைக்கு இடமாகும் என்று நாங்கள் அஞ்சியவற்றில் பெரும்பாலானவை சண்டையே இல்லை. கரும்பு இரண்டு பக்கமும் உண்டு. மஞ்சள் கொத்து இரண்டு பக்கமும் உண்டு. மாவிலையை அத்தை வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. உண்மையான முரண்பாடு ஒன்றே ஒன்றுதான்: வேப்பிலை. மற்றவையெல்லாம் இடத்தைப் பற்றிய சிக்கல்களே.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு உறையூர்ப் பகுதியில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. வாசற்கதவுக்கு முன்னால் மூன்றரை அடி அகலத்தில் ஒரு பொது நடை. அடுத்த வீட்டார் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் குடிவரும்போதே இரண்டு கட்டளை போட்டிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தரையில் கறை படியும் எதையும் பூசக் கூடாது.

தோகையோடு கூடிய பொங்கல் கரும்பு ஏழெட்டு அடி இருக்கும். எங்கள் ஊர் முறைப்படி வாசலின் இருபுறமும் நிறுத்தினால், தோகை விரிந்து நடையை அடைத்துவிடும். நுனியை நறுக்கிவிட்டு நிறுத்தலாமென்றால் அம்மா ஒப்பமாட்டாள். வேரும் தோகையும் முழுமையாக இருப்பதுதான் கரும்புக்கு அழகு என்பாள். ஆகவே கரும்பை வாசலிலிருந்து எடுத்து, பொங்கல் வைக்கும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மூன்று கரும்புகளை முக்காலிபோல் நிறுத்தி, தரையில் ஒன்றுக்கொன்று நான்கடி இடைவெளி விட்டு, தலைப்பக்கம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், பானைக்கு மேலே ஒரு பந்தல் ஆகிவிடுகிறது. கட்டு அத்தானுடைய வேலை. காந்தி சந்தையில் கரும்பு வாங்கும்போதே கடைக்காரர் பிளாஸ்டிக் கயிறு கொடுத்தார். அத்தான் அதை ஒதுக்கிவிட்டுத் தென்னங்கயிறு வாங்கினார். அடியில் நெருப்பு எரியும்போது பிளாஸ்டிக் கயிறு இளகி நழுவும், கரும்பு பானைமேலேயே சாயும் என்பது பட்டறையில் நெருப்போடு பழகியவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரும்பின் கீழ்க் கணுக்களில் ஒட்டியிருந்த காய்ந்த சோகையை முழுவதும் உரித்துவிட்டார். பச்சைத் தோகை எளிதில் பற்றாது. காய்ந்த சோகைதான் பொறி பட்டவுடன் பற்றும்.

அடுத்தது தரை. அம்மாவின் மாக்கோலத்துக்குப் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். சிறு துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, மோதிர விரல் வழியே வடியவிட்டு இழை இழைப்பார்கள். போடும்போது கோலம் மங்கலாகத்தான் தெரியும். மாவுத் துகள்களின் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை ஒளி உள்ளே புகுந்து போய்விடுகிறது. தண்ணீர் உலர்ந்து காற்று புகுந்ததும், ஒளி துகளுக்குத் துகள் சிதறித் திரும்புகிறது. அப்போதுதான் கோலம் பளீரென்று வெளுக்கிறது. போட்டு முடித்தவுடன் சரியில்லை என்று மேலும் மாவு பூசுகிறவர்களின் கோலம் மறுநாள் தடித்துப் பெயர்ந்துவிடுவது இதனால்தான்.

சாணம் மெழுகிய தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நுண்ணிய துளைகள் உண்டு. மாவு அவற்றில் பற்றிக்கொள்கிறது. அக்காவின் வீட்டுக்குள்ளே போட்டிருப்பது வழுவழுப்பான ஓடு; வெளி நடை மட்டுமே சிமெண்டு. ஆகவே முன்னதாகவே சோதித்துப் பார்க்கலாமென்று நான் சொன்னேன். ஓட்டின்மேலும் சிமெண்டின்மேலும் ரூபாய் நாணயம் அளவுக்குச் சில பொட்டுகள் வைத்தோம். சிலவற்றில் மாக்கரைசல் மட்டும். சிலவற்றில் ஒரு டம்ளர் கரைசலுக்கு ஒரு கரண்டி சோற்றுக் கஞ்சி கலந்தது. காலையில் விரலால் தேய்த்துப் பார்த்தபோது, சிமெண்டில் இரண்டும் அசையவில்லை. ஓட்டில் வெறும் மாவு செதில் செதிலாக உரிந்துவிட்டது. கஞ்சி கலந்தது ஒட்டியிருந்தது. வெந்த மாவுப்பொருள் பசையாகிவிடுகிறது, வேகாதது துகளாகவே நிற்கிறது. பாடநூலில் படித்த இந்தச் செய்தி, அக்காவின் கூடத்தில் ஒரு நாணயப் பொட்டாக நின்றதைக் கண்டபோது எனக்கு அளவில்லா மகிழ்ச்சி.

காவியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மாக்கோலம் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். காவியோ இரும்புத் துரு கலந்த நுண்மண். சிமெண்டின் துளைகளில் இறங்கிவிட்டால் பல வாரம் போகாது. ஆதலால் காவியைத் தரையில் பூசாமல், அடுப்புக்கு வைக்கும் செங்கல்லிலும், விளக்கு வைக்கும் மரமனையிலும் பட்டையிட்டோம். வீட்டுக்காரரின் கட்டளையும் மீறப்படவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வேண்டும் என்ற அம்மாவின் விருப்பமும் கெடவில்லை.

இங்கே அக்கா ஒரு காரியம் செய்தாள். அத்தை ஊரில் கோலத்தின் நடுவே சாணத்தைப் பிடித்து வைத்து, அருகம்புல் செருகிப் பிள்ளையார் வைப்பார்கள் என்று அத்தான் சொல்லியிருந்தார். நடையில் போடப்போகும் மாக்கோலத்தின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக வெற்றிடம் விட்டுவிடலாம் என்று அவள் நோட்டில் வரைந்து காட்டினாள். அம்மா இழை இழுக்க, நடுவட்டம் அத்தைக்குக் காத்திருக்கும்.

இனி வேப்பிலைக்கு வருகிறேன்.

அத்தானுக்கு முதலில் தோன்றிய வழி, அத்தை கொண்டுவரும் காப்பை வாங்கிச் சமையலறை ஜன்னலில் கட்டிவிடலாம் என்பது. அம்மாவின் கண்ணுக்கும் படாது, அத்தைக்கும் கட்டியாயிற்று. அக்கா மறுத்துவிட்டாள். "ஒளிச்சு வச்சா அது காப்பு இல்லை, களவு. உங்க அம்மா வாசல்ல கட்டத்தான் வர்றாங்க" என்றாள். அம்மா வந்து கதவருகே திடீரென்று பார்ப்பதைவிட, முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது என்று அவளே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வேப்பிலையா? புதுக்குடித்தனம் வச்ச வீட்டுலயா? தெருவுல போறவன் என்னடி நெனைப்பான்?" என்று அம்மா கேட்டாள். அக்கா விளக்கினாள். "அவங்க ஊருல அது வேற, நம்ம ஊருல வேறம்மா. மஞ்சப்பூவும் வெள்ளைப்பூவும் சேர்ந்துதான் இருக்கும்." அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: "அப்ப அந்தப் பூ வெளில தெரியிற மாதிரியாவது கட்டச் சொல்லு."

அந்த ஒரு சொல்லே எங்களுக்கு வழிகாட்டியது. அம்மாவுக்கு ஆகாதது வேப்பிலையின் இருப்பு அல்ல. வேப்பிலை மட்டும் தெரிவதுதான். அத்தைக்கு வேண்டியது மூன்றும் சேர்ந்திருப்பது. எந்தத் தழை எவ்வளவு, எது முன்னால், எது பின்னால் என்பதை யாருமே இன்னும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் தாவரவியல் சிறிது உதவியது. மூன்று தழைகளும் ஒரே வேகத்தில் வாடுவதில்லை. ஆவாரம்பூவின் ஐந்து மஞ்சள் இதழ்களும் மெல்லியவை. பறித்த இரண்டு மூன்று நாளில் சுருங்கி உதிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாத கொத்தில் மொட்டுகள் விரிவதும் அரிது. வேப்பிலை மூன்று நாளைக்குப் பச்சையாக நின்று, பிறகு சிற்றிலை சிற்றிலையாகக் கொட்டும். பூளைப்பூவோ, நூல்களில் சிறுபீளை எனப்படும் அந்தச் செடியின் கதிர், பறிக்கும்போதே பாதி உலர்ந்தது போன்றது. அதன் சிறு பூக்களை வெண்பஞ்சுபோன்ற மயிரும் காகிதம்போன்ற செதிலும் மூடியிருக்கின்றன. அவற்றில் வற்றிப்போகத் தண்ணீரே அதிகம் இல்லாததால், உலர்ந்த பின்னும் உருவம் மாறுவதில்லை. ஆக, முதல்நாள் அழகை நம்பி ஆவாரையை முன்னால் வைத்து வேப்பிலையைப் பெருக்கிக் கட்டினால், மூன்றாம் நாள் மஞ்சள் உதிர்ந்துபோய் வேப்பிலை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர்க்காரர் கண்ணுக்கு அது அம்மை கண்ட வீடேதான்.

2025 சனவரி 13, திங்கட்கிழமை, போகி. பகல் ஒரு மணிக்கு அத்தை ஈரச் சாக்கில் சுற்றிய தழைக்கட்டோடு படியேறி வந்தார்கள். அக்கா கும்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், அதிகம் பேசவில்லை. சாக்கைப் பிரித்தபோது அக்காதான் தயங்காமல் சொன்னாள். "அத்தை, எங்க ஊர்ல வேப்பிலை வாசல்ல இருந்தா அம்மை போட்டிருக்குன்னு நெனைப்பாங்க. எங்கம்மா ராத்திரி வர்றாங்க. பூளைப்பூவைக் கூட வச்சு, வேப்பிலையை ஒரு இணுக்கா உள்ள வச்சுக் கட்டலாங்களா?"

அத்தை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்கள். "காப்புக் கட்டாத வூடு வூடே இல்லை கண்ணு. அதுக்குத்தான் நான் வந்தேன். மூணு தழையும் இருக்கோணும், அம்புட்டுத்தான். எது எத்தனைன்னு ஆரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றார்கள்.

பூளைப்பூக் கதிர் ஐந்து பங்கு, ஆவாரம்பூக் கொத்து இரண்டு பங்கு, நடுவே ஒரே ஓர் இணுக்கு வேப்பிலை. ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாமல் இரண்டு கொத்துகள் கட்டினார்கள். இறவாணம் இல்லாத வீட்டில் எங்கே செருகுவது என்று அத்தை திகைத்தபோது, கதவுக்கு மேலே இருந்த காற்றுச் சாளரத்தின் கம்பிகளை அத்தான் காட்டினார். வலக்கோடியில் ஒன்று, இடக்கோடியில் ஒன்று. ஆணி தேவைப்படவில்லை. அந்தக் கம்பிகளிலேயே குறுக்காகக் கயிறு கட்டி மாவிலைத் தோரணத்தையும் தொங்கவிட்டோம். தளிர் இலையை விட்டு, தடித்து முற்றிய இலைகளாகப் பார்த்து எடுத்திருந்தேன். தளிர் ஒரே வெயிலில் துவண்டுவிடும். முற்றிய இலைக்கு மேல்தோல் தடிப்பு, நீர் எளிதில் போகாது. இலையின் அடிப்பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்கால் குத்தினோம். மூன்றடி நிலைக்குப் பதினொரு இலை போதுமானதாக இருந்தது. நடுவில் அம்மாவின் நெற்கதிருக்கு இடம் விட்டிருந்தோம்.

மீந்த தழையை அத்தை விட்டுவைக்க விரும்பவில்லை. கூடத்து ஜன்னலுக்கும் ஒரு கொத்து வேண்டுமென்று, எங்களைக் கேளாமலே கட்டினார்கள். அதில் வேப்பிலை தாராளம். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் கையைப் பிடிக்க யாருக்கு மனம் வரும்?

இரவு எட்டு மணிக்கு அம்மா சீரோடு வந்தாள். படியேறியதும் முதலில் தலைநிமிர்ந்து பார்த்தது சாளரக் கம்பியைத்தான். வெள்ளையும் மஞ்சளும் தெரிந்தன. ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்த நெற்கதிர்ப் பின்னலை எடுத்து அத்தானிடம் நீட்டி, "நடுவுல கட்டுங்க மாப்ள" என்றாள். பிறகு அரிசிமாவைக் கேட்டு வாங்கி, ஒன்பது மணிக்கு நடையில் உட்கார்ந்தாள். கோலம் உலர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. விடியற்காலையில் அத்தை எழுந்து வந்து, அந்த நடுவட்டத்தில் சாணப் பிள்ளையாரைப் பிடித்து வைத்தார்கள். இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. "வட்டம் போதுங்களா சம்பந்தியம்மா?" என்று அம்மா கேட்டாள். "போதுங்க" என்றார்கள் அத்தை. அவ்வளவே.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் எழுதினால் அது முழு உண்மையாகாது. காணும் பொங்கலன்று, வியாழக்கிழமை, அடுத்த வீட்டு அம்மாள் நடையில் நின்று ஜன்னலைக் காட்டி, "உள்ள யாருக்கும்மா அம்மை?" என்று மெதுவாகக் கேட்டார். ஜன்னல் கொத்தில் ஆவாரம்பூ உதிர்ந்து, பச்சை வேப்பிலை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. காப்பை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் நாவெழவில்லை. கட்டிய காப்பை ஊரில் அவிழ்ப்பதில்லை, அது தானாக உலர வேண்டும். அத்தையும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எழுந்து போய், தோரணத்துக்குப் போக மீந்து கிடந்த மாவிலையில் நாலைந்தை எடுத்து, வேப்பிலையை மறைக்கும்படி அந்தக் கொத்தின் முன்பக்கம் தாமே சேர்த்துக் கட்டினார்கள். "எங்கூர்லயும் மாவிலை சேத்துக் கட்றவங்க இருக்காங்க" என்றார்கள் பொதுவாக. அடுத்த வீட்டு அம்மாளுக்கு எங்கள் அம்மாதான் பதில் சொன்னாள்: "அம்மை இல்லீங்க. இது மாப்பிள்ளை வீட்டுக் காப்பு."

மாசியில் நான் மறுபடியும் அக்காவைப் பார்க்கப் போனேன். மாவிலை பழுப்பேறிச் சுருண்டிருந்தது. நெற்கதிரில் பாதியைச் சிட்டுக்குருவி கொத்திவிட்டிருந்தது. வேப்பிலை ஓர் இலைகூட மிச்சமில்லை. இரண்டு கோடியிலும் பூளைப்பூ மட்டும் கட்டிய நாளில் இருந்ததுபோலவே வெண்மையாக இருந்தது. அதில் ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு போய் ஊரில் அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவா? இது நம்ம வாய்க்கால் மேட்டுலயே கெடக்கேடா, களைன்னுல்ல பிடுங்கிப் போடுறோம்" என்றாள். சற்று நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அடுத்த பொங்கலுக்கு வெள்ளைப்பூவை நானே பறிச்சிட்டு வந்துடறேன்னு அக்காகிட்டச் சொல்லு. வேப்பிலையை மட்டும் அவங்க கொண்டு வரட்டும்."